Z தாண்டியதும் கணக்கு ஏன் உதைக்கிறது?

*"W, B, Y, D, A, ? என்ற தொடரில் எழுத்துகளின் எண்களைப் போட்டுக் கழித்தால் -21, +23, -21, -3 என்று வருகிறது. ஒழுங்கே தெரியவில்லை. விடை F என்று போட்டிருக்கிறார்கள். அது எப்படி வந்தது? முன்னும் பின்னும் போகிற தொடரை எப்படிக் கண்டுபிடிப்பது?" (ரயில்வே தேர்வுக்குத் தயாராகும் வாசகர்)*

நீங்கள் கழித்ததில் பிழை இல்லை. A முதல் Z வரை ஒரு நேர்கோடு என்று நினைத்துக் கழித்ததுதான் சிக்கல். இந்தக் கேள்விகளில் Z-க்கு அடுத்தது மறுபடி A. கடிகாரத்தில் 12-க்கு அப்புறம் 1 வருவது போலத்தான். இங்கே ஒரு சுற்றுக்கு 26.

W 23-ஆவது எழுத்து. அங்கிருந்து X, Y, Z, A, B என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள், ஐந்தே அடி. நீங்கள் அதைத்தான் -21 என்று எழுதியிருக்கிறீர்கள். அதோடு 26-ஐக் கூட்டினால் +5. அடுத்து +23; அதில் 26-ஐக் கழித்தால் -3. மறுபடி -21, அதாவது +5. கடைசி -3 அப்படியே இருக்கட்டும். இப்போது +5, -3, +5, -3 என்று வரிசை தெளிவாகிவிட்டது. அடுத்தது +5, A-யிலிருந்து ஐந்து தள்ளினால் F.

வித்தியாசம் 13-ஐத் தாண்டினால் உடனே சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது எதிர்ப்பக்கமாக வந்த சிறிய அடியாக இருக்கும். ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். +3, +6, +9, +12 என்று ஏறிவரும் தொடரில் அடுத்த +15 உண்மையிலேயே +15தான்.

எண்கள் மனதில் நிற்காதவர்கள் EJOTY என்ற ஐந்து எழுத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: 5, 10, 15, 20, 25. W எத்தனையாவது என்றால் T 20, அதிலிருந்து மூன்று தள்ளி, 23. தேர்வு தொடங்கியதும் ரஃப் தாளில் A முதல் M வரை ஒரு வரி, அதன் கீழே Z முதல் N வரை தலைகீழாக ஒரு வரி எழுதிவிடுங்கள். மேலும் கீழுமாக இருக்கும் எந்த இரண்டு எழுத்தின் எண்ணைக் கூட்டினாலும் 27 வரும். D 4 என்றால் அதன் கீழே இருக்கும் W 23. பின்னால் இருந்து எண்ணும் கேள்விகளுக்கும் இதே தாள் போதும்.

சரி, அடியை எண்ணியும் ஒழுங்கு பிடிபடவில்லை என்றால்? தொடரை இரண்டாகப் பிரியுங்கள். உங்கள் கேள்வியையே ஒன்று விட்டு ஒன்றாகப் படித்தால் W, Y, A ஒரு தொடர், B, D,? இன்னொரு தொடர். இரண்டும் இரண்டிரண்டாக ஏறுகின்றன, விடை அதே F. ஐந்து முன்னே போய் மூன்று பின்னே வந்தால் நிகரமாக இரண்டு அடி முன்னேற்றம், அதுதான் காரணம்.

எல்லாத் தொடரும் இப்படி இரண்டு வழிக்கும் ஒத்துவராது. A, Z, C, X, F, V, J, ? என்பதைப் பாருங்கள். இதில் அடிகளை எண்ணினால் -1, +3, -5, +8, -10 என்று போகும். முதல் மூன்றைப் பார்த்ததும் பிடித்துவிட்டோம் என்று தோன்றும், +8-இல் கவிழ்ந்துவிடும். பிரித்தால் A, C, F, J என்பது +2, +3, +4 என வளர்கிறது. Z, X, V இரண்டிரண்டாக இறங்குகிறது. கேள்விக்குறி இறங்கும் தொடரில் இருப்பதால் விடை T. வளர்கிற அடி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பிரிப்பதே நல்லது. ஆனால் பிரித்தபின் கேள்விக்குறி இருக்கும் பக்கத்தில் இரண்டே எழுத்து இருந்தால், அடியையும் ஒருமுறை எண்ணிப் பார்த்துவிடுங்கள். இரண்டு எழுத்தில் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்கும், அதை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

விட்ட எழுத்துகளை எண்ணிப் போடுபவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. C-க்கும் H-க்கும் நடுவே D, E, F, G என நான்கு எழுத்து, ஆனால் அடி ஐந்து. 'நான்கு விட்டு' என்பதை +4 என்று எழுதினால் ஒரு எழுத்து முன்னாலேயே நின்றுவிடுவீர்கள். அந்தத் தவறான எழுத்தும் பெரும்பாலும் நான்கு விடைகளில் ஒன்றாக அங்கேயே உட்கார்ந்திருக்கும். எழுத்தை எண்ணுகிறீர்களா, அடியை எண்ணுகிறீர்களா என்று ஒன்றை முடிவு செய்து கடைசிவரை அதையே எண்ணுங்கள். நான் எப்போதும் அடியைத்தான் எண்ணுவேன்.