வயதை மாற்றிச் சொல்லித் திறந்த இன்ஸ்டாகிராம் கணக்கு: பெற்றோர் கேள்விகளும் பதில்களும்

செல்வி: மகளுக்கு இப்போது 12 வயது. பத்து வயதில் தோழியின் போனில் இன்ஸ்டாகிராம் கணக்கு திறந்திருக்கிறாள். கடவுச்சொல் அவளுக்கே நினைவில்லை. படங்களோ எல்லோர் பார்வைக்கும் கிடக்கின்றன. எப்படி எடுப்பது?

கடவுச்சொல் இல்லாமலே எடுக்கலாம். 13 வயது நிரம்பாதவரின் கணக்கைப் பற்றிப் புகார் செய்ய இன்ஸ்டாகிராமின் உதவிப் பக்கத்தில் தனிப் படிவம் இருக்கிறது. அதை நிரப்ப உங்களுக்கு அங்கே கணக்கு இருக்க வேண்டியதில்லை. பயனர்பெயரை நினைவிலிருந்து தட்டச்சு செய்யாதீர்கள். ஒரு புள்ளியோ அடிக்கோடோ தவறினால் புகார் வேறொருவர் கணக்கின் மேல் போய்விடும். பிரவுசரில் பக்கத்தைத் திறந்து முகவரியிலிருந்தே நகலெடுங்கள்.

கணக்கு திறந்தபோது அவள் தன்னைப் பெரியவள் என்று காட்டும் பிறந்த ஆண்டைத்தான் கொடுத்திருப்பாள். எனவே அவள் 13 வயதுக்குக் குறைந்தவள் என்பது நியாயமாக உறுதிப்பட்டால்தான் நிறுவனம் கணக்கை நீக்கும். பரிசீலிப்பவர்கள் அறிமுக வரியையும் படங்களையும் பார்ப்பார்கள். 11 என்று எழுதிய பிறந்தநாள் கேக், “ஆறாம் வகுப்பு” என்ற வரி போன்றவை உங்களுக்குச் சாதகமான சான்றுகள். எந்தப் பதிவில் அவை இருக்கின்றன என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் கேட்டால் பெயரும் பிறந்த தேதியும் மட்டும் தெரியட்டும். மற்ற எண்களை மறைத்து அனுப்புங்கள்.

அவளுக்கு ஏதாவது படம் வேண்டுமென்றால் படிவத்தை அனுப்பும் முன்பே சேமித்துவிடுங்கள். கணக்கு முடக்கப்பட்ட பிறகு எடுப்பது கடினம்.

முருகன்: இதற்குப் படிவம் எதற்கு? உறவினர் இருபது பேர் சேர்ந்து ஸ்பேம் என்று புகார் கொடுத்தால் தானாகப் போய்விடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் போனது.

பெற்றோர் அல்லாதவரும் புகார் செய்யலாம் என்ற அளவில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எத்தனை பேர் புகார் செய்தார்கள் என்பதை வைத்து இன்ஸ்டாகிராம் முடிவெடுப்பதில்லை. ஸ்பேம் என்று குறித்தால் அந்த விதியை வைத்துத்தான் பார்ப்பார்கள்; வயது பற்றிய பேச்சே எழாது. உங்கள் வீட்டுக் கணக்கு வேறு காரணத்தால் போயிருக்கலாம்.

ரஹ்மத்: மகனுக்கு இப்போது 15 வயது. கணக்கு 11 வயதில் திறந்தது. அந்தக் காலத்துப் பதிவுகளைப் பார்த்தால் அவனுக்கே கூச்சமாக இருக்கிறது. செல்வி அவர்களுக்குச் சொன்ன படிவத்தை நானும் நிரப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை.

நடக்காது. நிறுவனம் பார்ப்பது இன்றைய வயதை. 13 வயது நிரம்பிய பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் கேட்டார்கள் என்பதற்காக நீக்க மாட்டார்கள். உங்கள் மகனே விரும்புவதால் அவனே செய்துவிடலாம். பழைய பதிவுகள் மட்டும் போனால் போதுமென்றால், Your activity பகுதியில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து நீக்கட்டும். அவை உடனே அழிவதில்லை. Recently deleted என்ற இடத்தில் 30 நாள் வரை இருக்கும். உடனே அழிய வேண்டுமென்றால் அங்கேயும் போய் அழிக்க வேண்டும்.

முழுக் கணக்கும் வேண்டாமென்றால் Accounts Center வழியாகச் செல்லுங்கள். அங்கே தற்காலிக முடக்கமும் நிரந்தர நீக்கமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முடக்கினால் மீண்டும் நுழைந்ததும் எல்லாம் திரும்பிவிடும். நீக்கத்தைத் தேர்ந்தாலும் முதல் 30 நாளுக்குள் உள்ளே போய் முடிவை மாற்றிக்கொள்ள முடியும். பிள்ளைகள் மனம் மாறுவது அந்த நாட்களில்தான். அதன் பிறகு சேமிப்பிலிருந்து முழுவதும் அழிய 90 நாள் வரை ஆகலாம். செயலியை மட்டும் போனிலிருந்து நீக்குவதால் கணக்கு அசையாது.

சட்டம் இதில் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவின் காப்பா சட்டம் 13 வயதுக்குக் கீழுள்ள குழந்தையின் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைப் பெற்றோருக்குத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர், சிறுவயதில் ஒருவர் கொடுத்த தகவலை வளர்ந்த பிறகு அவரே அழிக்கக் கோரவும் இடம் கொடுக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது.

லதா: என் எட்டு வயது மகனின் படங்களை நாத்தனார் தன் கணக்கில் போடுகிறார். அவர் கணக்கையும் இதே படிவத்தில் நீக்கலாமா?

முடியாது. கணக்கு பெரியவருடையது, பிரச்சினை படத்தில்தான். அதற்குத் தனியுரிமை மீறல் படிவம் தனியாக இருக்கிறது. மகனுக்கு 13 வயது நிரம்பாததால் அவன் சார்பில் நீங்களே புகார் செய்யலாம். அதற்கு முன் நாத்தனாரிடம் நேரில் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அதுதான் விரைவான வழி.

செல்வி: நேற்று கணக்கு போய்விட்டது, நன்றி. ஆனால் கூகுள் தேடலில் அவளுடைய ஒரு படம் இன்னும் வருகிறது.

18 வயதுக்குக் குறைந்தவரின் படத்தைத் தேடல் முடிவிலிருந்து எடுக்கக் கூகுளில் தனிக் கோரிக்கை இருக்கிறது, பெற்றோர் அனுப்பலாம். படத்தின் இணைப்பையும் தேடல் முடிவின் இணைப்பையும் சேர்த்துக் கொடுங்கள். இதனால் தேடலில்தான் மறையும். படத்தை வேறொரு தளம் எடுத்து வைத்திருந்தால் அந்தத் தளத்துக்குத் தனியாக எழுத வேண்டும். தோழிகள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் அதற்குப் படிவம் எதுவும் கிடையாது. அவர்களுடைய பெற்றோரிடம் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை.