வாசலில் கொன்றை உதிர்ந்தது போலவே தெரிய

கேள்வி: வீட்டு எலிவேஷன் படத்தில் வாசல் பக்கம் பூத்த மரமும் கீழே உதிர்ந்த இதழ்களும் வைத்தால் வெட்டி ஒட்டியதுபோல் இருக்கிறது. இயல்பாக வர என்ன செய்வது?

போட்டோஷாப்பில் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மரத்தைவிட இதழ்கள்தான் காட்டிக்கொடுக்கும்.

மூன்று வருடம் முன்பு ஒரு வீட்டு முகப்புக்குச் சரக்கொன்றை வைத்தேன். மரத்தில் குறையில்லை. வெயில் விழும் பக்கம் வீட்டோடு ஒத்துப்போனது, இலை ஓரத்து வெளிறிய கோட்டை Defringe எடுத்துவிட்டது, சுவரில் நிழலும் விழுந்தது. இதழ்களை மட்டும் பிரஷ்ஷில் Scattering வைத்துத் தரை முழுக்கத் தூவிவிட்டேன். வீட்டுக்கார அம்மா பார்த்ததுமே, "கல்யாண மண்டபத்துல தூவின மாதிரி இருக்கே தம்பி" என்றார்.

அன்று மாலை எங்கள் தெருக் கொன்றையடியில் போய் நின்றேன். மரத்தடியில் அடர்த்தி, நாலு எட்டு தள்ளினால் அங்கொன்று இங்கொன்று. ஆள் ஏறி இறங்கும் படியின் நடுவில் ஒன்றும் இல்லை. படியும் தரையும் சேரும் மூலையிலும் கேட் ஓடும் பள்ளத்திலும்தான் காற்று ஒதுக்கிக் குவித்திருந்தது. காலையில் பெருக்கிக் கோலம் போட்ட இடத்தில் அதன்பின் விழுந்த ஐந்தாறு மட்டும். அன்று விழுந்தவை பளிச்சென்று, ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு கிடந்தன. முந்தின நாளுடையவை வெளுத்து, தரையோடு தரையாக ஒட்டிக் கிடந்தன.

வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் அழித்தேன். முதலில் அளவு. கொன்றை இதழ் ஏறக்குறைய ஒரு அங்குலம், படியின் அகலம் ஒரு அடி. அப்படியென்றால் ஒரு படியின் அகலத்துக்குள் பன்னிரண்டு இதழ் அடங்க வேண்டும். என் படத்தில் நாலுதான் அடங்கியது! அப்புறம் பழைய இதழுக்கு ஒரு லேயர், புதியதற்கு ஒரு லேயர். புதியதன் அடியில் Multiply லேயரில் நிழல். கறுப்பு வேண்டாம், தரையின் நிறத்தையே எடுத்துக் கொஞ்சம் அடர்த்தியாக்குங்கள். நிழல் இதழின் ஓரத்தைத் தொடாவிட்டால் இதழ் மிதக்கும். இன்னொன்று, மரநிழலுக்குள் கிடக்கும் இதழும் மங்கத்தான் வேண்டும். நிழலுக்குள் பளீரென்று மஞ்சள் தெரிந்தால் ஒட்டியது என்று யாரும் சொல்லிவிடுவார்கள்.

3டி மென்பொருளில் இது ஒரு நிமிட வேலை என்று சிலர் வரக்கூடும். அதுவும் நாம் சொல்லாதவரை சீராகத்தான் தூவும். மூலையில் குவிப்பதும் நடைபாதையை விடுவதும் நம் கண் செய்ய வேண்டியது.

அந்தப் படத்தை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் வீடு கட்டும்போது மனையில் ஏற்கெனவே நின்ற பெரிய புங்க மரத்தைக் கார் நிறுத்த இடமில்லை என்று ஒப்பந்தக்காரர் வெட்டிவிட்டார். பங்குனியில் வாசல் நிறையப் பூக்கொட்டும் மரம். கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன், கொன்றையும் நடவில்லை. படம் மட்டும் ஹாலில் மாட்டியிருந்தது.