பஞ்சாபி சக ஊழியருக்கு விசாக்கி வாழ்த்து: இரண்டு வரி போதும்

கேள்வி: என் டீமில் ஒரு பஞ்சாபிக்காரர் இருக்கிறார். என்னைவிட மூத்தவர். ஏப்ரலில் அவங்க அறுவடைத் திருநாள் வருதாமே, அதற்குப் பஞ்சாபியிலேயே சின்னதா ஒரு வாழ்த்து அனுப்ப ஆசை. வழக்கமா எப்படி எழுதுவாங்க? தப்பாகிவிடக் கூடாது.

பதில்:

முதலில் வாழ்த்தைச் சொல்லிவிடுகிறேன், அவசரம் என்றால் இதை மட்டும் எடுத்துக்கொண்டு போகலாம்.

"சத் ஸ்ரீ அகால் ஜி! துஹானூ தே துஹாடே ஸாரே பரிவார் நூ விசாக்கி தியாங் லக் லக் வதாயியாங்."

'சத் ஸ்ரீ அகால்' சீக்கியர்கள் சொல்லும் வணக்கம். மற்றது, உங்களுக்கும் உங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் விசாக்கி நல்வாழ்த்து, லட்சம் லட்சமாக. அவ்வளவுதான். பஞ்சாபில் கடைக்காரர் முதல் முதலமைச்சர் வரை இந்த 'லக் லக் வதாயியாங்' இல்லாமல் யாரும் பண்டிகை வாழ்த்து சொல்வதில்லை. தேய்ந்த வாசகம் என்று நினைக்க வேண்டாம். நாம் 'இனிய' சேர்க்காமல் பொங்கல் வாழ்த்து எழுதுவோமா? அது மாதிரிதான். இதை விட்டுவிட்டுப் புதிதாக ஏதாவது கவித்துவமாக எழுதினால்தான் ஒட்டாமல் நிற்கும்.

'தியாங்', 'வதாயியாங்' என்று நான் எழுதியிருப்பதில் கடைசி 'ங்' மூக்கொலி மட்டுமே, அழுத்திச் சொல்லக் கூடாது. வாட்ஸாப்பில் அங்கே பலரும் ஆங்கில எழுத்தில்தான் பஞ்சாபி தட்டுகிறார்கள். நீங்களும் அப்படியே தட்டலாம், அந்த இடத்தில் ஒரு 'என்' போட்டால் சரி. குர்முகி எழுத்தில் அனுப்பினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் டெல்லியில் வளர்ந்த பஞ்சாபிகளில் நிறைய பேருக்குப் பேச வரும், குர்முகி வாசிக்க வராது. பண்டிகையின் பெயரையும் டெல்லிப் பக்கம் 'பைசாகி' என்பார்கள், பஞ்சாபுக்குள் 'விசாக்கி'. இரண்டில் எதைச் சொன்னாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இனி, தப்பாகிவிடக் கூடாது என்று கேட்டீர்களே, அதற்கு வருகிறேன்.

அவர் யார் என்று கொஞ்சம் தெரிந்துகொண்டு ஒரு வரி சேர்த்தால் வாழ்த்து அவருக்கே அவருக்கு என்று ஆகிவிடும். ஏனென்றால் இந்த நாளுக்கு இரண்டு முகம். ஒன்று கோதுமை அறுவடை. இன்னொன்று, 1699ஆம் ஆண்டு விசாக்கி நாளில் அனந்தபூர் சாஹிபில் சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியர்களின் சங்கமான கால்ஸாவைத் தொடங்கியது. கையில் வாளோடு ஒரு தலை வேண்டும் என்று கூட்டத்தைப் பார்த்து அவர் கேட்டதும், ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்து வந்ததும் சீக்கிய வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த ஐவரில் ஒருவர் பீதரிலிருந்து, அதாவது இன்றைய கர்நாடகத்திலிருந்து போனவர் என்பது நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. ஆக, தலைப்பாகை கட்டி, தினமும் குருத்வாராவுக்குப் போகிற சீக்கியருக்கு அது முதலில் மத நாள், அப்புறம்தான் அறுவடை. இந்து பஞ்சாபிக்கோ அறுவடையும் மேளாவும்தான் முன்னால் வரும்.

பக்தியுள்ள சீக்கியர் என்றால் இப்படி எழுதலாம்: "சத் ஸ்ரீ அகால் ஜி! கால்ஸா சாஜனா திவஸ் தே விசாக்கி தியாங் ஆப் ஜி நூ லக் லக் வதாயியாங். வாஹேகுரு துஹானூ சட்தீ கலா விச் ரக்கே." கால்ஸா பிறந்த நாளையும் விசாக்கியையும் சேர்த்து வாழ்த்துகிறீர்கள். கடைசி வரி, என்ன வந்தாலும் மனம் சோராமல் இருக்கும்படி இறைவன் உங்களை வைக்கட்டும் என்பது. அந்த 'சட்தீ கலா' அவர்கள் தினமும் அர்தாஸ் பிரார்த்தனையில் சொல்வது. வெளியாள் வாயிலிருந்து வரும்போது முகம் மலர்ந்துவிடும், நானே பார்த்திருக்கிறேன்.

இந்து பஞ்சாபி என்றாலோ, எது என்று தெரியவில்லை என்றாலோ, 'வாஹேகுரு' வேண்டாம். 'ரப்' என்ற சொல் எல்லோருக்கும் பொது, கடவுள் என்று பொருள். "ரப் கரே துஹாடா ஸாரா ஸால் குஷியாங் நால் பரியா ரஹே." ஆண்டு முழுக்க மகிழ்ச்சி நிறைந்திருக்கட்டும். இதில் யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. தொடக்கத்தில் 'சத் ஸ்ரீ அகால்'-க்குப் பதிலாக 'நமஸ்தே ஜி' போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. வீட்டில் இன்னும் நிலம் இருக்கிறவர்கள்.

லூதியானாவில் வேலை பார்த்தபோது எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தார். அப்பாவும் அண்ணனும் கன்னா பக்கம் கோதுமை போடுகிறவர்கள். ஏப்ரல் பிறந்தால் போதும், மனுஷன் கணக்கை விட்டுவிட்டுக் கைபேசியில் வானிலையையே பார்த்துக்கொண்டிருப்பார். வாழ்த்து அட்டைகளில் விசாக்கி என்றால் அறுவடை முடிந்து களித்து ஆடுவது போல வரைகிறார்களே, நிஜத்தில் அன்றைக்கு நிறைய வயல்களில் கதிர் இன்னும் நின்றுகொண்டிருக்கும். அரசுக் கொள்முதல் பொதுவாக ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கினாலும், மண்டிக்குக் கோதுமை குவியத் தொடங்குவது விசாக்கியை ஒட்டித்தான். அந்த நேரத்தில் ஒரு மழையோ ஆலங்கட்டியோ அடித்தால் கதிர் சாய்ந்துவிடும், அறுத்ததும் நனைந்துவிடும். 12 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் மண்டியில் சிக்கல். காயட்டும் என்று குவியலுக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுக் காவல் கிடக்க வேண்டியதுதான்.

அவரோடு ஒருமுறை கன்னா மண்டிக்குப் போயிருக்கிறேன். ஆள் உயரத்துக்குக் கோதுமைக் குவியல்கள், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஒரு பக்கம் இயந்திரம் உமியைத் தூற்றுகிறது, காற்றெல்லாம் பொன்னிறத் தூசி. பிகாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் 50 கிலோ சாக்கைத் தைத்துத் தைத்து அடுக்குகிறார்கள். ஆட்த்தியா, அதாவது கமிஷன் மண்டிக்காரர், நிழலில் உட்கார்ந்து பேரேடு எழுதுகிறார். நண்பரின் அண்ணன் குவியலுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தார். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, பல்லில் பதிந்தால் இன்னும் ஈரம்.

அவருக்கு நான் அனுப்பிய வாழ்த்து இது: "சத் ஸ்ரீ அகால் பாஜி! துஹானூ தே ஸாரே பரிவார் நூ விசாக்கி தியாங் லக் லக் வதாயியாங். ரப் கரே கணக் வதியா ஹோவே தே மௌஸம் ஸாஃப் ரஹே." கணக் என்றால் கோதுமை. கோதுமை நன்றாக விளையட்டும், வானம் தெளிவாக இருக்கட்டும். அவர் அதை அப்படியே அப்பாவுக்கு அனுப்பி, அப்பா அதைக் குடும்பக் குழுவில் போட்டு, மறுநாள் எனக்கு வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய பின்னி வந்தது. வறுத்த மாவு, நெய், வெல்லம், முந்திரி போட்டுப் பிடித்த உருண்டை. உங்களவர் வீட்டிலும் விவசாயம் உண்டென்றால் இந்த வரியைத் தாராளமாகச் சேருங்கள்.

'பாஜி' என்றால் அண்ணன். நெருக்கம் இருந்தால்தான் அது. இல்லையென்றால் பெயரோடு 'ஜி' போதும். சக ஊழியர் பெண் என்றாலும் பெயரும் ஜியும்தான் பத்திரம். 'பேன்ஜி' என்று நீங்களாக அக்கா ஆக்கினால் சிலர் ரசிக்க மாட்டார்கள். மூத்தவருக்கு 'துஹானூ' என்ற மரியாதை வடிவம்தான், 'தேனூ' வேண்டாம். அது 'உனக்கு' ஆகிவிடும்.

தவிர்க்க வேண்டியவை என்று பார்த்தால், 'பல்லே பல்லே'யில் தொடங்காதீர்கள். சினிமா பார்த்துப் பஞ்சாபி கற்றவர் என்று உடனே தெரிந்துவிடும். 'ஓ ஜட்டா, ஆயீ விசாக்கி' என்ற கூவலை இணையத்தில் எங்கும் பார்ப்பீர்கள், கேட்கவும் உற்சாகமாகத்தான் இருக்கும். ஆனால் ஜட் என்பது உழவரைக் குறித்தாலும் ஒரு சாதியின் பெயரும்கூட. அவர் அந்தச் சாதியா இல்லையா என்று உங்களுக்கு எதற்கு? அலுவலக வாழ்த்தில் அது வேண்டாம். குருவின் படத்தின் மேல் பூவும் பொம்மையும் ஒட்டிய வாழ்த்துப் படங்களையும் அனுப்பாதீர்கள். பாங்க்ரா ஆடும் சர்தார் கார்ட்டூன் அதைவிட மோசம்.

1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்ததும் ஏப்ரல் 13, விசாக்கி நாளில்தான். அமிர்தசரஸ் பக்கத்துக் குடும்பங்களில் அன்று அதைப் பற்றியும் பேசுவார்கள். மகிழ்ச்சியான வாழ்த்தில் அதைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டாம், அவராகப் பேச்செடுத்தால் பேசலாம்.

தேதி ஆண்டுக்கு ஆண்டு ஏப்ரல் 13 அல்லது 14 என்று வரும், காலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். சூரியன் மேஷத்துக்குள் நுழைகிற அதே கணக்குதான் நம் சித்திரை ஒன்றுக்கும். அதனால் 'எங்கள் ஊரில் புத்தாண்டு' என்று நீங்கள் ஒரு வரி சொன்னால் பேச்சு தானாக வளரும். ஜனவரி 13 வாக்கில் வரும் லோஹ்ரியோடு மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது நம் போகிக்கு ஒட்டி வருகிற, நெருப்பு மூட்டி எள்ளும் வேர்க்கடலையும் போடுகிற குளிர்காலப் பண்டிகை. அப்போது கோதுமை பச்சையாகத்தான் நிற்கும், அறுக்க இன்னும் மூன்று மாதம் இருக்கும்.

குழுவில் போடாமல் தனியாக, காலையில் அனுப்புங்கள். 'துஹானூ வீ ஜி' என்று பதில் வரும், உங்களுக்கும் அப்படியே என்று பொருள். அதற்கு ஒரு கும்பிடு போதும். அதோடு விடாமல் 'அட, பஞ்சாபி தெரியுமா!' என்று அவர் கூப்பிட்டு மடமடவென்று பேச ஆரம்பித்தால், 'தோடி தோடி ஆவுந்தி ஹை ஜி' என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள். ஏதோ கொஞ்சம் கொஞ்சம் வரும் என்று பொருள்.