20,000 பிடித்தம் சரிதானா? வண்டி இன்சூரன்ஸ் கணக்கைத் திருப்பிப் போடுவது

சார், ஒர்க்‌ஷாப் பில் 55,000. கம்பெனி 35,000தான் போட்டிருக்கு, "தேய்மானம் போக" என்று ஒரே வரி. கடிதத்தில் என்ன எழுத?

"குறைவாகக் கொடுத்துவிட்டீர்கள்" என்று மட்டும் எழுதினால் அதே வரிதான் பதிலாக வரும். எந்த இனத்தில், எத்தனை சதவீதம் தவறு என்று காட்டுங்கள். நீங்கள் அனுப்பிய, சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் தாளையும், எந்த இனத்துக்கு எத்தனை சதவீதம் தேய்மானம் என்று சொல்லும் பாலிசி ஷெட்யூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பம்பருக்கு 50% பிடித்த 4,000 சரி, ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 2,000 சரி. லேபர் 9,000-இல் கை வைக்கவில்லை. தகராறு மூன்று இடத்தில்தான். கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கட்டும்:

> 1. இரும்புப் பாகங்கள் 20,000. விபத்தன்று வண்டியின் வயது 2 வருடம் 11 மாதம். ஷெட்யூல்படி தேய்மானம் 15%, அதாவது 3,000. நீங்கள் 25% என 5,000 பிடித்துள்ளீர்கள்.
> 2. முன்கண்ணாடி 6,000. கண்ணாடிக்குத் தேய்மானம் இல்லை. பிளாஸ்டிக் இனத்தில் சேர்த்து 3,000 பிடித்துள்ளீர்கள்.
> 3. பெயின்டிங் 12,000, ஒரே தொகையாக உள்ள பில். ஷெட்யூல்படி அதில் 25% (3,000) மட்டுமே பெயின்ட் பொருள். அதற்கு 50% என்றால் 1,500. நீங்கள் மொத்தத்துக்கும் 50% போட்டு 6,000 பிடித்துள்ளீர்கள்.
>
> சரியான பிடித்தம் 10,500. தர வேண்டியது 44,500. மீதி 9,500.

முதல் தவறு அடிக்கடி நடப்பது. சர்வே நடந்த நாளில் வண்டிக்கு மூன்று வருடம் தாண்டிவிட்டது, அந்தத் தேதியை வைத்து அடுத்த படியில் போட்டுவிட்டார்கள். ஆர்.சி. நகலையும் விபத்துத் தேதி உள்ள கிளெய்ம் படிவத்தையும் இணையுங்கள்.

நான் ஜீரோ டெப், அதாவது தேய்மானம் பிடிக்காத ஆட்-ஆன், எடுத்திருக்கேன். எனக்கு ஒரு பைசா பிடிக்கக் கூடாதுதானே?

பாகங்களின் தேய்மானம் வரை நீங்கள் சொல்வது சரி. கட்டாயக் கழிவு அப்போதும் உண்டு. ஆயில், கூலன்ட், நட்டு போல்ட்டுக்குத் தனி ஆட்-ஆன் இல்லையென்றால் அதையும் கழிப்பார்கள்.

அண்ணா, எங்க அப்பா ஆஸ்பத்திரி பில்லிலும் இப்படித்தான் பிடிச்சுட்டாங்க, இதே கடிதம் போதுமா?

போதாது தம்பி. அங்கே தேய்மானமே கிடையாது. ரூம் வாடகை வரம்பைத் தாண்டினால் மற்ற செலவுகள் சிலவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். பாலிசியில் அந்த வரம்பு என்ன என்று முதலில் பாருங்கள்.

ஹெட்லைட் கண்ணாடியா, பிளாஸ்டிக்கா?

இப்போது வரும் ஹெட்லைட்டின் முன்மூடி பெரும்பாலும் பாலிகார்பனேட், அதனால் பிளாஸ்டிக்கில் போடுவார்கள். ஆனால் முழு யூனிட்டுக்கும் 50% போடலாமா என்பதில் சர்வேயருக்குச் சர்வேயர் மாறுகிறது. பாகப் பட்டியலில் பிரித்து விலை இருந்தால் இணைத்துக் கேட்டுப் பாருங்கள்.

முழுத் தீர்வு என்று கையெழுத்துப் போட்டுவிட்டேனே, சார்?

வழி கடினமாகிறது, அடைபட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். வற்புறுத்திக் கையெழுத்து வாங்கியிருந்தால் அதை உடனே எழுத்தில் தெரிவியுங்கள். இன்னும் போடாதவர்கள் "ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று எழுதி, தேதி போட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.