தொலைந்த பெர்மிட்டுக்குத் தகவல் உரிமையில் பிரதி கேட்பது

கேள்வி: குச்சவெளிப் பக்கம் அப்பாவுக்கு அரசாங்கம் பெர்மிட்டில் தந்த காணி இருக்கிறது. 90இல் இடம்பெயர்ந்தபோது பெர்மிட் தொலைந்துவிட்டது, அப்பாவும் இப்போது இல்லை. பிரதேச செயலகத்தில் கேட்டால் "பார்த்துச் சொல்கிறோம்" என்கிறார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பிரதி எடுக்கலாமா, ஐயா?

பதில்: எடுக்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின்படி ஆவணத்தை நேரில் பார்க்கவும் உறுதிப்படுத்திய பிரதி வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

கேட்கும் விதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். "எங்கள் காணிக்கு என்ன நடந்தது?" என்று எழுதினால் "பரிசீலனையில் உள்ளது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு வேண்டியது பெர்மிட் லெட்ஜர். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் என்றால் அதன் இலக்கம், எல்லைகள், அப்பா யாரையாவது பெயர் குறித்திருந்தால் அவருக்குப் பின் காணிக்கு உரியவரான பின்னுரித்தாளர் யார் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்க வேண்டும். இப்படி எழுதலாம்: "இன்ன கிராமத்தில் இன்னாருக்கு வழங்கிய அனுமதிப்பத்திரம் தொடர்பான லெட்ஜர் பக்கத்தினதும், அக்கோவையிலுள்ள கடிதங்களினதும் உறுதிப்படுத்திய பிரதிகள் தேவை." பெர்மிட் இலக்கம் தெரியாவிட்டால் அப்பாவின் முழுப்பெயர், கிராம சேவகர் பிரிவு, கொடுத்த காலம் ஆகியவற்றையாவது போடுங்கள். "உறுதிப்படுத்திய" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள், விட்டால் சும்மா போட்டோ பிரதிதான் கையில் வரும்.

விண்ணப்பத்தைத் தகவல் உத்தியோகத்தரிடம் கொடுத்து, கிடைத்ததற்கு எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். "வைத்துவிட்டுப் போங்கள்" என்றால் போகாதீர்கள். நாள் கணக்கு அந்தத் துண்டிலிருந்துதான். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும், தருவதென்றால் அதிலிருந்து மேலும் 14 நாட்களுக்குள் தர வேண்டும். நிறையத் தகவல் கேட்டிருந்தாலோ, தூரத்திலுள்ள வேறு அலுவலகத்தில் தேட வேண்டியிருந்தாலோ காரணம் சொல்லி 21 நாட்கள் வரை நீட்டலாம். கட்டணம் பெரிதில்லை. 2017 விதிகளின்படி ஏ4 பிரதியில் முதல் நான்கு பக்கம் இலவசம், அப்புறம் ஒருபக்கப் பிரதிக்கு 2 ரூபாய். பத்துப் பக்கக் கோவை என்றால் 12 ரூபாய்.

பிரதி கைக்கு வந்ததும் ஒவ்வொரு தாளிலும் கையெழுத்து, பதவி முத்திரை, திகதி இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

"கோவை கிடைக்கவில்லை" என்று வாயால் சொன்னால் ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். மறுப்பு வந்தால் 14 நாட்களுக்குள், அந்த அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். காலக்கெடு தாண்டியும் பதில் இல்லை என்றாலும் அதுதான் வழி. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.

ஒன்று, இந்தப் பிரதி காணியை உங்கள் பெயருக்கு மாற்றாது. லெட்ஜரில் பின்னுரித்தாளராக யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டு, பிரதியோடும் அப்பாவின் மரணச் சான்றிதழோடும் வாருங்கள். அடுத்த விண்ணப்பம் காணிக் கிளைக்கு.