நெல் 25 ரூபாய், அரிசி அடக்கம் எவ்வளவு? மில் கணக்கு கேள்வி பதில்

செய்யாறு, புதிதாக மில் குத்தகைக்கு எடுத்தவர்: அண்ணே, ஒரு அவியல் புழுங்கல் அரைக்கிறேன். 10 டன் நெல், கிலோ 25 ரூபாய். வண்டி வாடகை, இறக்குக்கூலி, கமிஷன் 8,000. கரண்ட், ஆள் கூலி, குத்தகை எல்லாம் சேர்த்து 18,000. சாக்கு 5,000. குருணை, நிறம் கெட்ட கருப்பு அரிசி, தவிடு, உமி விற்றதில் கமிஷன் போக 23,970 வந்தது. 68 சதவீத அரிசிக்கு வகுத்தால் கிலோ 37.80 அடக்கம். 40 ரூபாய்க்குக் கொடுக்கிறேன். ஆனாலும் கையில் பணம் நிற்கவில்லையே?

செலவு 2,81,000, அதில் 23,970 கழித்தால் 2,57,030. இதுவரை சரி. தப்பு வகுக்கிற இடத்தில் இருக்கிறது. அந்த 68-க்குள் குருணையும் கருப்பு அரிசியும் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றை விற்ற பணத்தை மேலே கழித்துவிட்டு, கீழே அவற்றின் எடையையும் அரிசியாக எண்ணினால் ஒரே பொருளை இரண்டு தடவை வரவு வைத்த மாதிரி. 68 என்பது அரசு கொள்முதல் நெல்லை அரைத்துக் கொடுக்கிற கணக்கிலிருந்து வந்து எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்ட எண். அங்கே புழுங்கலுக்கு 68, பச்சரிசிக்கு 67. அந்த அரிசியில் குறிப்பிட்ட அளவு குருணை இருக்கலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. நீங்களோ குருணையைச் சலித்து, நிறம் பார்த்துப் பிரிக்கிற சார்டெக்ஸ் மெஷினில் கருப்பையும் எடுத்துவிட்டு, முழு அரிசியை மட்டும் சிப்பம் கட்டுகிறீர்கள்.

எடையை வைத்துப் பாருங்கள். 10,000 கிலோவில் பதர், கருக்காய், மண் என்று 2 சதவீதம் போனால் 9,800. 17 சதவீத ஈரத்தில் வாங்கி 14-க்குக் காயவைத்து அரைத்தால் அது 9,458 கிலோ ஆகிவிடும். அதிலிருந்து உமி 1,980, தவிடு 560, முழு அரிசி 6,300, குருணை 350, கருப்பு 160 என்று வருவது ஓரளவு நல்ல நெல்லுக்கு நியாயமான விளைச்சல். மீதி 110 கிலோ தூசியாகப் போயிருக்கும். உங்கள் மில்லில் எண்கள் கொஞ்சம் மாறலாம். ஆனால் பதர், போன ஈரம், தூசி உட்பட எல்லாவற்றையும் கூட்டினால் வாங்கிய எடை திரும்பி வரவேண்டும். வராவிட்டால் எடைமேடை, ஈரமானி, வாசற்கதவு மூன்றையும் பாருங்கள்.

இப்போது 2,57,030-ஐ 6,300-ஆல் வகுங்கள். கிலோ 40.80. கிலோவுக்கு 2.20 லாபம் என்று நினைத்த இடத்தில் 80 காசு கையை விட்டுப் போகிறது.

அதே செய்யாறு அன்பர்: தலை சுற்றுகிறது. விலையை ஏற்ற முடியாது, பக்கத்து மில்லில் 40-க்குத்தான் போடுகிறார்கள். தவிடு நல்ல விலை போகிறது. பாலிஷைக் கொஞ்சம் கூட்டினால் தவிட்டு வரவு கூடுமே?

கூடும், அடக்கமும் சேர்ந்து கூடும். இன்னும் 90 கிலோவைத் தேய்த்துத் தவிடாக்கினால் செலவு போக 21 ரூபாய் வீதம் 1,890 கூடுதல் வரவு. ஆனால் வகுக்கிற அரிசி 6,210 ஆகிவிடும், கிலோ 41.09 வரும். 40 ரூபாய்ப் பொருளை 21 ரூபாய்ப் பொருளாக மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். அதிலும் ரொம்பத் தேய்த்தால் நுனி உடைந்து குருணையும் ஏறும்.

அதனால் துணைப்பொருள் வரவு கூடிய மாதம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவேன். விலை ஏறியதால் கூடியதா, எடை ஏறியதால் கூடியதா? எடை ஏறியிருந்தால் அரிசி எங்கேயோ குறைந்திருக்கிறது.

செய்யவேண்டியது எதிர்ப்பக்கம். ஆவி போட்ட நெல்லை டிரையரில் ஒரே மூச்சில் காயவைத்தால் நெல்மணிக்குள் விரிசல் விழும். அது பாலிஷரில்தான் வெளியே தெரியும். ஈரம் 17, 18 வந்ததும் நிறுத்தி, சில மணி நேரம் தொட்டியில் ஆறவிட்டு, பிறகு 14-க்கு இறக்குங்கள். அப்படி 100 கிலோ குருணை முழு அரிசியாகத் தப்பினால் குருணை வரவில் 2,300 போகும், ஆனால் அடக்கம் 40.52-க்கு இறங்கும். இதுவும் 40-ஐத் தொடாது. இதோடு நெல் விலையும் கிலோவுக்குச் சுமார் 33 காசு இறங்கினால்தான் நீங்கள் சமமாக நிற்பீர்கள். மில்லுக்குள் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் நெல் வாங்குகிற இடத்தில்தான் பாதிச் சண்டை.

மன்னார்குடி வாசகர்: எங்களிடம் 20 சதவீத ஈர நெல்லைக் கிலோவுக்கு 50 காசு குறைத்துத் தருகிறார்கள். வாங்கலாமா? புழுங்கல் மில்காரர்களுக்கு ஈரம் ஒரு பொருட்டே இல்லை, எப்படியும் ஊறப்போடத்தானே போகிறோம் என்கிறார் என் பங்காளி.

பங்காளி சொல்வது பாதி சரி. ஊறவைத்தால் 17-ம் 20-ம் ஒரே ஈரத்துக்குத்தான் வரும். அதனால் காயவைக்கிற செலவு பெரிதாகக் கூடாது. இந்தச் சலுகை பச்சரிசி மில்லுக்குக் கிடையாது.

ஆனால் எடைக்குக் கொடுத்த பணம் தண்ணீருக்கும் சேர்த்துத்தான். 17-ல் 100 கிலோவில் 83 கிலோ காய்ந்த பொருள், 20-ல் 80 கிலோ. 17 ஈரத்தில் 25 ரூபாய் என்றால் 20 ஈரத்தில் 25-ஐ 80-ஆல் பெருக்கி 83-ஆல் வகுக்கவேண்டும், 24.10 வரும். 90 காசு குறைத்தால்தான் சமம், 50 காசு போதாது. அப்புறம் அந்த நெல்லை அன்றைக்கே ஊறப்போட இடம் இருக்கிறதா என்று பாருங்கள். குவித்து வைத்தால் சூடேறி நிறம் மாறும். 160 கிலோ வரவேண்டிய கருப்பு அரிசி இரண்டு மடங்கானால் விலையில் கிடைத்த சலுகையில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும்.

காங்கேயம், மில் உரிமையாளர்: உமியை நானே பாய்லருக்கு எரிக்கிறேன். விற்றால் கிலோ 3 ரூபாய். எரித்த உமியை வரவு வைக்கவா வேண்டாமா? ஆடிட்டர் ஒன்று சொல்கிறார், கணக்குப்பிள்ளை ஒன்று சொல்கிறார்.

ஒரே பாய்லர், ஒரே வகை அரிசி என்றால் இருவரும் சரி. 1,500 கிலோ எரித்தால் 4,500 ரூபாயை வரவிலும் எரிபொருள் செலவிலும் எழுதலாம், இரண்டிலும் விடலாம். மேலே செய்யாறு கணக்கில் இரண்டிலும் விட்டிருக்கிறோம், விற்ற 480 கிலோ மட்டும் வரவில் இருக்கிறது. வரவில் எழுதிவிட்டுச் செலவில் மறப்பதுதான் ஆபத்து.

அதே வளாகத்தில் பச்சரிசியும் ஓட்டினால் கட்டாயம் எழுதவேண்டும். பச்சரிசிக்கு அவியல் கிடையாது, அதன் உமி முழுக்கப் புழுங்கலுக்காக எரிகிறது. விலை போடாமல் விட்டால் பச்சரிசி அடக்கம் ஏறியும் புழுங்கல் அடக்கம் இறங்கியும் தெரியும். அதைப் பார்த்துப் பச்சரிசியை நிறுத்தியவர்கள் உண்டு, பிறகு உமி வெளியே வாங்கும்போதுதான் புரிந்தது. இன்னொன்று, எரித்த உமியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அதை அள்ளிப்போடக் காசு கொடுத்தால் அதையும் உமி விலையில் கழியுங்கள்.

மதுரை, செலவுக் கணக்கு படிப்பவர்: சார், குருணையைத் துணைப்பொருள் என்று கழிப்பது தவறு. அது அரிசியின் இணைப்பொருள். செலவை எடை விகிதத்தில் பிரிக்கவேண்டும்.

முதல் பாதியில் விஷயம் இருக்கிறது. பச்சரிசியில் குருணை 15, 20 சதவீதம் வருகிற மில்லில் அதைக் கழிவு மாதிரி கழித்தால், குருணை விலை ஆடுகிற ஆட்டமெல்லாம் அரிசி அடக்கத்தில் ஏறிவிடும். 2022 செப்டம்பரில் குருணை ஏற்றுமதிக்குத் தடை வந்தது, 2025 மார்ச்சில் நீங்கியது. அந்த மாதிரி நேரத்தில் பழைய விலையையே வரவு வைத்துக்கொண்டிருந்தால் அரிசி அடக்கம் பொய் சொல்லும். தவிடும் அப்படித்தான். எண்ணெய் எடுத்த தவிட்டின் ஏற்றுமதியை 2023 ஜூலையில் நிறுத்தினார்கள். அந்த வழி அடைபட்டால் எண்ணெய் ஆலை நம் தவிட்டுக்குக் கொடுக்கிற விலையையும் இறக்கத்தான் பார்க்கும்.

எடை விகிதம் மட்டும் வேண்டாம். 24 ரூபாய்க் குருணைக்கும் 40 ரூபாய் அரிசிக்கும் கிலோவுக்கு ஒரே அடக்கம் போட்டால் குருணை விற்கும் ஒவ்வொரு முறையும் நஷ்டம் காட்டும், அரிசி லாபத்தில் மிதக்கும். பிரிப்பதென்றால் விற்பனை மதிப்பு விகிதத்தில் பிரியுங்கள். துணைப்பொருளை விற்றுக் கைக்கு வரும் தொகைக்கு மதிப்பிட்டு முக்கியப் பொருளின் செலவில் கழிக்க ஏ.எஸ். 2 என்ற கணக்கியல் விதி இடம் கொடுக்கிறது. புழுங்கலில் குருணை மூன்றரை சதவீதம்தான் என்றால் நான் கழித்துவிட்டுப் போவேன். எந்தச் சதவீதத்தைத் தாண்டினால் இணைப்பொருள் என்று கேட்காதீர்கள். ஆடிட்டருக்கு ஆடிட்டர் மாறுகிறது.

மதுரைக்காரர் மறுபடியும்: அதை ஏற்கமாட்டேன். முறை என்றால் எல்லா மில்லுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும்.

உங்கள் மறுப்பை எழுதி வையுங்கள். ஆனால் உங்கள் மில்லில் ஒரு முறையைப் பிடித்தால் வருடத்துக்கு வருடம் மாற்றாதீர்கள், அது போதும் எனக்கு.

பண்ருட்டிப் பக்கம், விவசாயி: இதெல்லாம் பெரிய மில் கணக்கு. நான் வீட்டுச் சாப்பாட்டுக்கு 75 கிலோ மூட்டை நாலு கொடுத்து அரைத்தேன். கிலோவுக்கு 2 ரூபாய் கூலியும் வாங்கிக்கொண்டு, தவிடு உமியையும் மில்காரரே வைத்துக்கொண்டார். இது நியாயமா?

கணக்கு ஒன்றேதான், வரவு யாருக்கு என்பதுதான் வேறு. 300 கிலோ நெல்லுக்கு நீங்கள் கொடுத்த கூலி 600. மேலே சொன்ன விளைச்சல் உங்களுக்கும் பொருந்தினால் தவிடு 17 கிலோ, உமி 60 கிலோ. தவிட்டுக்கு 350, உமிக்கு 180. ஆக உண்மையான அரவைக் கூலி 1,130-க்குப் பக்கம். கூலியைக் குறைக்கச் சொல்லுங்கள், இல்லை தவிட்டைக் கேளுங்கள், மாட்டுக்கு ஆகும்.

பேசுவதற்கு முன் எந்த மெஷின் என்று பாருங்கள். பழைய ஹல்லராக இருந்தால் உமியும் தவிடும் கலந்தே வரும். அதை எண்ணெய் ஆலை எடுக்காது, 21 ரூபாயும் கிடையாது. அங்கே உங்கள் நஷ்டம் அரிசியில். ஹல்லரில் உடைவு அதிகம், தவிட்டோடு குருணையும் போகும். அடுத்த தடவை நெல்லை எடை போட்ட அதே தராசில் வெளியே வருகிற அரிசி, குருணை, தவிடு மூன்றையும் எடை போட்டுக் குறித்து வாருங்கள், அப்புறம் பேசலாம்.