ஆறு மாத விடுப்பும் அப்ரைசல் கமென்ட்டும்

கேள்வி: கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் கணக்குப் பிரிவில் மேனேஜராக இருக்கிறேன். என் டீமில் ஒரு பெண் ஆகஸ்ட் முடிய வேலை பார்த்துவிட்டு, செப்டம்பர் 1 முதல் மகப்பேறு விடுப்பில் போய், மார்ச் 2 அன்று திரும்பினார். ஆண்டு இலக்கு 240 வெண்டார் கணக்குகளை ரீகன்சைல் செய்வது. ஆகஸ்ட் வரை 112, மார்ச்சில் 14, ஆக 126 முடித்திருக்கிறார். ஃபார்மில் 52.5% என்று சிவப்பில் காட்டுகிறது. விடுப்பைச் சொல்லாவிட்டால் ஏன் 126 என்று கேட்பார்கள், சொன்னால் அதுவே குறை போல இருக்கிறது. எப்படி எழுதுவது?

பதில்: கமென்ட்டைத் திறப்பதற்கு முன்னால் இலக்கைத் திருத்துங்கள். 240 என்பது பன்னிரண்டு மாத வேலைக்குப் போட்ட எண், மாதத்துக்கு 20. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாதத்துக்கு 100 வருகிறது, அவர் 112 முடித்திருக்கிறார். மார்ச்சையும் முழு மாதமாக எடுத்தால் 120க்கு 126. எப்படிக் கணக்குப் போட்டாலும் அவர் இலக்கைத் தாண்டியவர்.

இந்தக் கணக்கைக் கமென்ட்டில் விளக்கினால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். போதாது. ஸ்கோரைப் போடுவது சிஸ்டம், அது கமென்ட்டைப் படிக்காது. எச்.ஆரிடம் சொல்லி அந்த ஊழியருக்கு மட்டும் இலக்கை 120 என்று மாற்றச் சொல்லுங்கள், மாற்றியதை மெயிலில் உறுதிசெய்து வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சை நானாக இருந்தால் தனியாகவே பார்ப்பேன். திரும்பி வந்த முதல் வாரம் லாகின் ஐடியைத் திறக்க வைப்பதிலும், ஆறு மாத மெயிலைப் புரட்டுவதிலும் போய்விடும். அதுவும் வருடக் கணக்கு முடிக்கும் மாதம். அதில் 14 என்பதை வைத்து ‘வேகம் குறைந்துவிட்டது’ என்று யாராவது ஆரம்பித்தால், ஒரு மாதத்தை வைத்து எந்தப் போக்கையும் சொல்ல முடியாது என்று நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

எல்லா இலக்கையும் இப்படி மாதக் கணக்கில் வெட்ட முடியாது. எண்ணிக்கையை வெட்டலாம். தவறு விகிதம், கெடு தவறாமை போன்றவற்றை வெட்டக் கூடாது, செய்த வேலைக்குள் அவை எப்படி இருந்தன என்று பார்த்தால் போதும். ‘பழைய அட்வான்ஸ் பாக்கிகளை மார்ச் 31க்குள் தீர்ப்பது’ மாதிரி ஒரு தேதிக்குள் முடியும் வேலை என்றால், அவர் ஒப்படைத்த நாள் வரை எந்தக் கட்டத்துக்கு வந்திருந்தது என்பதே அவருடைய பங்கு. மீதி, பார்த்துக்கொண்டவருடைய அப்ரைசலில் வர வேண்டும்.

இனி கமென்ட். நானே ஒரு முறை சறுக்கிய இடம் இது. பல வருடம் முன்பு ஒரு கம்பெனியில், பிரசவம் முடிந்து வந்த ஒரு பெண்ணுக்கு, ‘நீண்ட விடுப்பில் இருந்தபோதும் நல்ல பங்களிப்பு’ என்று பெருமையாக எழுதிக் கொடுத்தேன். அவர் ஃபார்மைக் கையில் வைத்துக்கொண்டு வந்து கேட்டார்: “மேடம், லீவில நான் ஒண்ணும் பண்ணலையே. பண்ணினதெல்லாம் அதுக்கு முன்னாடிதானே?” என்னிடம் பதில் இல்லை. நான் பாராட்டியது அவருடைய வேலையை அல்ல, விடுப்பை மன்னித்த என் பெருந்தன்மையைத்தான்.

ஆகவே ‘இருந்தபோதும்’, ‘இருந்தாலும்’, ஆங்கிலத்தில் எழுதினால் ‘டெஸ்பைட்’, இவை வரும் வாக்கியத்தை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுங்கள். ‘இந்த ஆண்டு குறைவாகவே கிடைத்தார்’, ‘அடுத்த ஆண்டு கூடுதல் ஈடுபாட்டை எதிர்பார்க்கிறோம்’ என்பவை இன்னும் மோசம். ஈடுபாடு குறைந்ததாக நீங்கள் எங்கும் காட்டவில்லை, ஆனால் படிப்பவர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். ‘கைக்குழந்தையோடு சமாளித்து வருகிறார்’ என்பதும் வேண்டாம். விடுப்பின் காரணத்துக்கே கமென்ட்டில் வேலை இல்லை. நாளை வேறொருவர் அறுவை சிகிச்சைக்காக நான்கு மாதம் போய் வந்தாலும் இதே விதிதான், நோயின் பெயர் ஃபார்மில் வரக் கூடாது.

எழுதியதைச் சோதிக்க எனக்கு ஒரு வழி உண்டு. அவருடைய இடத்தில், வருட நடுவில் ஸ்டோர்ஸ் பிரிவிலிருந்து மாறி வந்து உங்களிடம் ஆறு மாதம் மட்டும் வேலை பார்த்த ஒருவரை வைத்துப் படியுங்கள். அவருக்கும் அதே வாக்கியத்தை எழுதியிருப்பீர்களா? மாட்டீர்கள் என்றால் அந்த வாக்கியம் விடுப்பைப் பற்றியது, வேலையைப் பற்றியது அல்ல.

உங்கள் எண்களை வைத்து நான் எழுதினால் இப்படி இருக்கும்:

“மதிப்பீட்டுக் காலம்: ஏப்ரல்–ஆகஸ்ட், மார்ச். திருத்திய இலக்கு 120, முடித்தது 126. ஆகஸ்ட் வரை மாத சராசரி 22க்கு மேல். ஒப்படைப்புக் கோப்பில் இரண்டு வெண்டார்களின் நிலுவை டெபிட் நோட் விவரம் விடுபட்டிருந்தது. மற்ற கணக்குகள் முழுமையாக ஒப்படைக்கப்பட்டன.”

விடுப்பு என்ற சொல்லே இதில் இல்லை. ஏன் 126 என்று கேட்பவருக்கு முதல் வரியே பதில்.

டெபிட் நோட் விஷயம் நான் உதாரணத்துக்குச் சேர்த்தது. சேர்த்ததற்குக் காரணம் உண்டு. விடுப்பில் போய் வந்தவர் என்பதற்காக உண்மையான குறையை மறைக்கவும் வேண்டாம். அவர் வேலையில் இருந்த நாட்களில் நடந்ததா, தேதி சொல்ல முடியுமா, அவர் கையில் இருந்ததா என்று மூன்றும் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஆகஸ்டில் விடுபட்ட விவரம் அவருடையது. அதை நவம்பரில் யாரும் கவனிக்காமல் வெண்டாருக்குக் கூடுதலாகப் பணம் போயிருந்தால், அது அவருடையது அல்ல.

சக ஊழியர் கருத்தில் ‘அவங்க வேலையையும் சேர்த்து நாங்கதான் இழுத்தோம்’ என்று வரலாம். அது நியாயமான ஆதங்கம், ஆனால் தவறான ஃபார்மில் வந்திருக்கிறது. இழுத்தவருடைய அப்ரைசலில் ‘செப்டம்பர் முதல் கூடுதலாக இத்தனை கணக்குகள் பார்த்தார்’ என்று எண்ணோடு எழுதி ரேட்டிங்கிலும் காட்டுங்கள். மாற்று ஆள் தராதது நிர்வாகம், விடுப்பில் போனவர் அல்ல.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 26 வார விடுப்பு, 1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. விடுப்பில் இருக்கும்போது பணி நிபந்தனைகளை அவருக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்பது அந்தச் சட்டத்தில் முன்பே இருந்தது. 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை இரண்டும் தொடர்கின்றன. அப்ரைசல் என்ற சொல் அதில் இல்லைதான். ஆனால் இன்கிரிமென்ட் குறைந்து புகார் வந்தால், முதலில் கேட்கப்படும் காகிதம் நீங்கள் எழுதிய கமென்ட்டாகத்தான் இருக்கும்.

கடைசியாக ரேட்டிங் கூட்டம். டீம்களை ஒப்பிட்டு ரேட்டிங்கைச் சமன்செய்யும் அந்த அறையில், ‘பாதி வருஷம்தானே இருந்தாங்க, நடு ரேட்டிங் போட்டுடலாம்’ என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள். திட்டமிட்ட ஓரவஞ்சனை என்று சொல்ல மாட்டேன், அவசரத்தில் வரும் பேச்சுதான். கூட்டத்துக்கு முன்பே 120க்கு 126 என்ற தாளை எல்லோர் கையிலும் கொடுத்துவிடுங்கள். 105% எடுத்த மற்றவருக்கு என்ன ரேட்டிங் கொடுத்தோம் என்று கேளுங்கள். அதையே இவருக்கும் கேளுங்கள்.

அடுத்த ஆண்டு இலக்கை அவரைக் கேட்காமல் ‘கொஞ்ச நாள் லேசான வேலை’ என்று எழுதிவிடாதீர்கள். அவரே கேட்டால் எழுதலாம், எந்த மாதம் வரை என்பதையும் சேர்த்து.